வாடகைக்குப் போன கார், வீடு தேடி வரும் வழக்கு

2024 டிசம்பர் 2 இரவு, ஆலப்புழை அருகே களர்கோட்டில் கேரள அரசுப் பேருந்துடன் ஒரு கார் மோதியது. மருத்துவ மாணவர்கள் ஆறு பேர் உயிரிழந்தனர். பிறகு விசாரணை காரின் உரிமையாளர் பக்கம் திரும்பியது. கொடுத்தது நட்புக்கா, வாடகைக்கா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம்? வெள்ளைப் பலகை மாட்டிய ‘ஓன் போர்டு’ காரின் பாலிசியில், பயன்பாட்டு வரம்பு என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் காப்பீடு செல்லாது என்பதே அதன் சாரம். பணம் வாங்காமல் மைத்துனருக்குக் கொடுத்த வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டு நாள் வாடகைக்கு விட்ட வண்டிக்கு உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2,000 ரூபாய் வாடகைக்குப் போன கார், பைக்கில் வந்தவரை இடித்துவிடுகிறது. காரைச் சரிசெய்ய 3 லட்சம் செலவு. வாடகைக்கு விட்டது தெரிந்தால் அந்த க்ளைமை நிறுவனம் மறுத்துவிடலாம். அடிபட்டவர் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் 18 லட்சம் இழப்பீடு விதிக்கிறது என்று வையுங்கள். இத்தகைய வழக்குகளில், ‘காப்பீட்டு நிறுவனம் முதலில் கட்டட்டும், பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. குடும்பத்துக்குப் பணம் கிடைத்துவிடும். கடன் உரிமையாளர் தலையில் விழும். நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லை என்று தீர்ப்பானால், முழுத்தொகையும் நேரடியாக அவரிடமே கேட்கப்படும்.

“விபத்து நடந்தால் நானே பொறுப்பு” என்று வாடகைக்கு எடுத்தவரிடம் எழுதி வாங்கியிருக்கிறாரே? அது அவர்கள் இருவருக்கும் இடையிலான பேச்சு. அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது. வழக்கு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் மேலும்தான் வரும். இழந்ததை வாடகைக்கு எடுத்தவரிடமிருந்து மீட்க அந்தத் தாளை வைத்துத் தனியாக வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அதற்குள் அவர் எங்கே இருப்பாரோ!

முறையான வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் 1989-இல் வந்த ரென்ட்-எ-கேப் திட்டத்தில் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தது 50 வண்டிகள் வேண்டும். ஒற்றைக் கார் வைத்திருப்பவர் உரிமம் உள்ள நிறுவனத்தோடு சேர்ந்துதான் இறங்க முடியும். செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து.

பலகை மாறினால் மட்டும் போதாது, பாலிசியும் வாடகைப் பயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தவரே வண்டியோடு மாயமானால், நாமே நம்பி ஒப்படைத்தது என்பதால் அதைத் திருட்டாக ஏற்க நிறுவனம் மறுக்கக்கூடும். அதற்குக் காப்பு உண்டா என்பதைச் சாவியைக் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.