எக்சிமா உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை, முட்டையை எப்போது, எப்படித் தொடங்குவது? மருத்துவப் பதிவேட்டில் இருக்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: பச்சிளம் குழந்தையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து, தடித்து, நீர் கசியும் தோல் அழற்சியை மருத்துவர்கள் எக்சிமா என்கின்றனர். தமிழ்க் குடும்பங்களில் அதற்குக் கரப்பான் என்று பெயர். கரப்பான் வந்த குழந்தைக்கு வேர்க்கடலையும் முட்டையும் ஆகாது, இரண்டு, மூன்று வயது ஆன பிறகே கொடுக்க வேண்டும் என்பது பல வீடுகளில் பழகிப்போன எச்சரிக்கை. பெங்களூருவில் தமிழர்கள் கணிசமாக வாழும் விவேக் நகர் போன்ற பகுதிகளிலும் இந்தப் பத்தியம் தொடர்கிறது. ஆனால், கடந்த பத்தாண்டுகளில் வெளியான ஆய்வுகள் இதற்கு நேர்மாறான முடிவையே காட்டுகின்றன. எக்சிமா உள்ள குழந்தைக்கு இந்த உணவுகளைத் தள்ளிப்போடுவதே ஒவ்வாமைக்கான வாய்ப்பை அதிகரிக்கிறது.

தோல் வழி, வாய் வழி: இந்தப் பத்தியம் வீட்டுப் பெரியவர்களின் கருத்து மட்டுமன்று. ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை 2 வயது வரையிலும் வேர்க்கடலையை 3 வயது வரையிலும் தவிர்க்க வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியே 2000ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் 2008இல் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியர் கிடியன் லாக் முன்வைத்த விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உடலுக்குள் நுழைந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகப் பதிவு செய்கிறது. அதே புரதம் வாய் வழியாகக் குடலை அடைந்தால், அதை உணவாக ஏற்கப் பழகுகிறது.

வீட்டில் மற்றவர்கள் வேர்க்கடலை உண்ணும்போது அதன் துகள்கள் கைகளிலும் படுக்கையிலும் படிகின்றன. அவை குழந்தையின் புண்பட்ட தோலைத் தொடுகின்றன. வாய்க்குக் கொடுக்காமல் இருப்பதால் குழந்தை வேர்க்கடலையிலிருந்து விலகி இருப்பதாகப் பொருளில்லை. தவறான வழியில் மட்டுமே அதைச் சந்திக்கிறது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைக் குழந்தையின் தோலில் பயன்படுத்தியதற்கும் பிற்கால வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பிருப்பதை 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. எனவே, எக்சிமா உள்ள குழந்தைக்குக் கடலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஈரப்பதம் காக்கும் களிம்பும் மருத்துவர் எழுதிய மருந்தும் கொண்டு தோலை ஆற்றுவதே முதல் வேலை.

ஆய்வுகள் காட்டியது என்ன?: லாக் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ‘லீப்’ ஆய்வில், கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகள் பங்கேற்றனர். 5 வயதில் பரிசோதித்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை இருந்தது. தொடர்ந்து உண்டவர்களில் அது 3.2 சதவீதம் மட்டுமே. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் பெரிய தடிப்பு ஏற்பட்ட குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. உணவைத் தொடங்கும் முன் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படை.

முட்டைக்கான சான்று ஜப்பானிலிருந்து வந்தது. 2017இல் வெளியான ‘பெட்டிட்’ ஆய்வில், எக்சிமாவுக்கு முறையாகச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு 6 மாதத்தில் வேகவைத்த முட்டைப் பொடி தினமும் 50 மில்லிகிராம் தரப்பட்டது. அது வெந்த முட்டையில் சுமார் 0.2 கிராமுக்குச் சமம். 9 மாதத்துக்குப் பிறகு அளவு 250 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. ஒரு வயதில், முட்டை உண்ட குழந்தைகளில் 8 சதவீதத்தினருக்கும் உண்ணாதவர்களில் 38 சதவீதத்தினருக்கும் முட்டை ஒவ்வாமை இருந்தது. சிறிய அளவு, நன்கு வேகவைத்தது, தோல் சிகிச்சையுடன் இணைந்தது என்ற மூன்றும் இதில் முக்கியம். பச்சை முட்டைப் பொடியைக் கொண்டு நடந்த வேறொரு ஆய்வில் சில குழந்தைகளுக்குக் கடும் எதிர்வினை ஏற்பட்டது. ஆகவே ஆஃப் பாயில், ஆம்லெட்டின் வேகாத நடுப்பகுதி ஆகியவை இந்த வயதுக்கு ஏற்றவையல்ல.

எந்தக் குழந்தைக்குப் பரிசோதனை?: அமெரிக்காவின் 2017 வழிகாட்டுதல் குழந்தைகளைப் பிரித்துப் பார்க்கிறது. லேசான அல்லது நடுத்தர எக்சிமா உள்ள குழந்தைக்கு ஏறத்தாழ 6 மாதத்தில் வீட்டிலேயே வேர்க்கடலையைத் தொடங்கலாம். கடும் எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு முதலில் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்வது நல்லது. களிம்பு தடவியும் அடங்காமல், மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மருந்து அடிக்கடி தேவைப்படும் நிலையே கடும் எக்சிமா. பிந்தைய நிபுணர் குழுக்கள் சில, பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. அதற்குக் காத்திருந்து மாதங்கள் வீணாவதே பெரிய இழப்பு என்பது அவற்றின் வாதம்.

பரிசோதனை முடிவைப் படிப்பதிலும் கவனம் தேவை. கர்நாடகத்தில் வயது வந்தோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், 26.5 சதவீதத்தினரின் ரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ எதிரணு காணப்பட்டது. ஆனால், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என மதிப்பிடப்பட்டவர்கள் 1.2 சதவீதத்தினரே. எதிரணு இருப்பது வேறு, ஒவ்வாமை இருப்பது வேறு. ஒரே ரத்த மாதிரியில் பல உணவுகளைச் சோதித்து, ‘பாசிட்டிவ்’ என வந்த அனைத்தையும் நிறுத்துவது, ஒவ்வாமை இல்லாத குழந்தையைப் பட்டினி போடுவதுடன் புதிய ஒவ்வாமைக்கும் வழி திறந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: விவேக் நகரில் வசிக்கும் ஒரு குடும்பத்தில் ஐந்தரை மாதப் பெண் குழந்தை இருப்பதாகக் கொள்வோம். எடை 7 கிலோ. மூன்றாம் மாதத்திலிருந்து எக்சிமா. இதுவரை மூன்று முறை ஸ்டீராய்டு களிம்பு தேவைப்பட்டுள்ளது. தாய்ப்பால் மட்டுமே உணவு. இக்குழந்தையின் மதிப்பீடு மருத்துவக் குறிப்பில் இவ்வாறு அமையலாம்:

- தோல்: கன்னம், முழங்கை, முழங்கால் மடிப்புகளில் எக்சிமா; தொடங்கிய மாதம், பயன்படுத்திய மருந்துகள், இன்றைய நிலை. வகை: கடுமையானது.
- உணவு வரலாறு: வேர்க்கடலை, முட்டை இதுவரை தரப்படவில்லை. எந்த உணவுக்கும் எதிர்வினை இல்லை.
- பரிசோதனை: கடந்த சில நாட்களில் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து தரப்படவில்லை. உப்புநீர் 0 மி.மீ., ஹிஸ்டமின் 4 மி.மீ., வேர்க்கடலை 0 மி.மீ., முட்டை வெள்ளை 3 மி.மீ.
- முடிவு: வேர்க்கடலையை வீட்டில் தொடங்கலாம். முட்டையின் முதல் வேளை மருத்துவமனையில்.
- பெற்றோருடன் பேசியவை, அவசரகாலத் திட்டம், அடுத்த வருகை நாள்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து உடலில் இருந்தால் தடிப்பு எழாமல் முடிவு பொய்யாகிவிடும். ஹிஸ்டமின் இட்ட இடத்தில் தடிப்பு எழுந்திருப்பதால்தான் வேர்க்கடலைக்கு வந்த பூஜ்ஜியத்தை நம்ப முடிகிறது. ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதாமல் மில்லிமீட்டரில் எழுதினால், அடுத்த மருத்துவரும் அதைச் சரியாகப் படிப்பார். வேர்க்கடலைக்கு 2 மி.மீ. வரை ஆபத்து குறைவு. 3 முதல் 7 மி.மீ. வரை மருத்துவர் முன்னிலையில் ஊட்ட வேண்டும், 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஒவ்வாமை ஏற்கனவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது 2017 வழிகாட்டுதல். இந்த வரம்புகள் வேர்க்கடலைக்கானவை. முட்டைக்கு 3 மி.மீ. தடிப்பு எழுந்ததை மருத்துவர் எச்சரிக்கையாகக் கொண்டு, முதல் வேளையைத் தம் கண்முன் வைத்துக்கொள்கிறார், தவிர்க்கச் சொல்லவில்லை.

வீட்டில் முதல் வேளை: ஆறு மாதம் நிறைந்து, கேழ்வரகுக் கூழ், சாதம் போன்ற ஓரிரு உணவுகள் பழகிய பிறகு வேர்க்கடலை தரப்படுகிறது. குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இல்லாத நாளின் காலை வேளையே ஏற்றது. முழுக் கடலையோ உடைத்த கடலையோ மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதால் ஒருபோதும் கூடாது. வறுத்துத் தோல் நீக்கிய 8 கிராம் வேர்க்கடலையை மிக்சியில் மாவாக அரைத்து, வெதுவெதுப்பான கூழில் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். இதில் சுமார் 2 கிராம் புரதம் உண்டு.

முதலில் கரண்டி நுனியளவு மட்டும் ஊட்டி, 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். மாற்றம் இல்லையெனில் மீதியை மெதுவாகக் கொடுத்து, 2 மணி நேரம் ஒருவர் குழந்தையுடனேயே இருக்க வேண்டும். பின்னர் வாரம் மூன்று முறை இதே அளவு தொடர வேண்டும். வாரத்துக்கு மொத்தம் 6 கிராம் புரதம் என்பதே இலக்கு. ஒருமுறை கொடுத்துப் பார்த்து நிறுத்திவிடுவதால் பாதுகாப்பு கிடைக்காது. நாள், நேரம், அளவு, கண்ட மாற்றம் ஆகியவற்றைப் பெற்றோர் ஒரு நோட்டில் குறித்து வந்தால், அதுவே மருத்துவக் குறிப்பின் தொடர்ச்சியாகும்.

எதைக் கண்டு நிறுத்துவது?: உணவு பட்ட இடத்தில் மட்டும் தோன்றி விரைவில் மறையும் சிவப்பு, பெரும்பாலும் தோல் எரிச்சலே. ஊட்டும் முன் வாயைச் சுற்றிக் களிம்பு தடவினால் இது குறையும். சில தடிப்புகள் எழுந்தால் ஊட்டுவதை நிறுத்தி, படம் எடுத்து, மருத்துவரைக் கேட்க வேண்டும். உடல் முழுவதும் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், தொடர் இருமல், மூச்சிரைப்பு, மீண்டும் மீண்டும் வாந்தி, குழந்தை வெளிறித் துவளுதல் ஆகியவை அவசரநிலை. உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்நிலையில் உயிர் காக்கும் மருந்து தொடையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமை எதிர்ப்புச் சொட்டு மருந்து அதற்கு ஈடாகாது. உண்ட ஒன்று முதல் 4 மணி நேரத்துக்குள், தடிப்பு ஏதுமின்றிக் கடும் வாந்தியும் சோர்வும் ஏற்படும் வேறு வகை ஒவ்வாமையும் உண்டு. தோல் பரிசோதனையில் அது தெரியாது என்பதால், வாந்தி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைப்பது நோயைக் கண்டறிய உதவும்.

எடுத்துக்காட்டில் உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை வீட்டில் பழகிய பின், வேறொரு நாளில் மருத்துவமனையில் முழுதாக வேகவைத்த முட்டை சிறிது சிறிதாகத் தரப்படும். அங்கு எதிர்வினை இல்லையெனில் அந்த அளவும் தேதியும் குறிப்பில் ஏறும். முட்டையும் வீட்டு உணவாகும். எதிர்வினை ஏற்பட்டால் முட்டை மட்டும் நிறுத்தப்படும்; வேர்க்கடலை தொடரும். இரண்டையும் தனித்தனி நாட்களில் தொடங்கி, தனித்தனி வரிகளில் எழுதியிருப்பதால்தான் இந்த வேறுபாடு தெளிவாகிறது.