சஷ்டி வாரத்தில் சத்திரத்துக் கணக்கு

முருகன் தலம் ஒன்றில் எங்கள் சமூகத்தார் நடத்தும் சத்திரத்தில் நாற்பது அறைகள் உள்ளன. வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற பின், அதன் கணக்குகளைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு சூரசம்ஹாரத்தன்று அங்கு நேர்ந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அறைகள் நிரம்பியிருந்தன. தங்கியவர் தொகையைக் கணக்கிட்டு இருபது கிலோ அரிசி வடித்தோம். சாதம் பெரும்பகுதி மிஞ்சியது. மாலையிலோ, விரதம் இருந்த மூதாட்டி ஒருவர் கேட்ட ஒரு டம்ளர் பாலைக் கொடுக்க இயலவில்லை; பால் பிற்பகலிலேயே தீர்ந்துபோயிருந்தது.

காரணம் எளியது. அறையில் தங்குபவர் அனைவரும் உண்பவர் என்று கொண்டோம். கந்த சஷ்டிக்கு வருவோரில் பலர் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பவர்கள் அல்லவா? இத்தனைக்கும், முந்தைய ஆண்டுகளின் சாப்பாட்டுச் சீட்டுக் கட்டுகள் உக்கிராணத்திலேயே கிடந்தன. அவற்றை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறு ஆண்டு முதல் பதிவேடுகளை முறையாகப் படிக்கத் தொடங்கினோம். முதலில், ஆங்கிலத் தேதியை ஒதுக்கிவிட்டுத் திதியைப் பிடித்தோம். சூரசம்ஹாரம் 2023இல் நவம்பர் 18, 2024இல் நவம்பர் 7, 2025இல் அக்டோபர் 27. தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் விழாநாளும் வெறும் நாளும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே பிரதமை முதல் திருக்கல்யாணம் வரை ஏழு நாள்களுக்கு ஏழு கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் ஆண்டையும் அவற்றில் எழுதினோம். கிழமையையும் குறித்தோம். 2023இல் சஷ்டி சனிக்கிழமை, 2024இல் வியாழன், 2025இல் திங்கள். வேலைநாளில் வந்த சஷ்டிக்கு வேலைநாளில் வந்த சஷ்டியே சரியான துணை. எனவே 2025க்கு 2024ஐ அளவுகோலாகக் கொண்டோம்.

அடுத்தது, திருப்பி அனுப்பப்பட்டவர்கள். 2024 சஷ்டி இரவுக்குப் பதிவேடு நாற்பது அறை என்றே காட்டும். அதற்கு மேல் காட்ட அதனால் முடியாது. இடமில்லை என்று திரும்பிய ஐந்து குடும்பங்களை அந்த ஆண்டு தனி நோட்டில் எழுதி வைத்தோம். ஒரே குடும்பம் இருமுறை கேட்டிருந்தால் ஒன்றாகவே கொண்டோம். ஆக, உண்மையான தேவை நாற்பத்தைந்து.

அந்த நாற்பத்தைந்தில், விழாவுக்கு இருபது நாள் முன்னர் பதிவானவை பதினைந்து. அதாவது முன்பதிவு மூன்று மடங்காக வளர்ந்தது. 2025இல் அதே இருபதாம் நாளில் பன்னிரண்டு அறைகளே பதிவாகியிருந்தன. மும்மடங்காக்கினால் முப்பத்தாறு. அறைக்கு நால்வர் எனக் கொண்டால் நூற்று நாற்பத்து நான்கு பேர்.

இனி அடுக்களை. 2024இன் சீட்டுகளை எண்ணியபோது, சஷ்டியன்று நண்பகலில் உண்டவர் தங்கியோரில் மூன்றில் ஒருவரே என்று தெரிந்தது. எனவே ஐம்பது பேருக்குச் சமையல். கிலோவுக்கு ஏழு பேர் என்று ஏழு கிலோ அரிசி போதும். மறுநாள் திருக்கல்யாணத்தன்று விரதம் முடிந்து ஏறக்குறைய எல்லாரும் பந்தியில் அமர்வர். அன்றைக்குத்தான் இருபது கிலோ. கூடுதல் பரிசாரகர் இருவரை முன்பு சஷ்டியன்று அமர்த்துவோம். இப்போது அவர்களை மறுநாளுக்கு மாற்றினோம்.

நேரத்தையும் பதிவேடே சொல்லிற்று. அறை எடுத்தோர் கையெழுத்திட்ட நேரங்களைப் பார்த்ததில், சம்ஹாரம் கண்டு திரும்பிச் சாவி கேட்போர் இரவு எட்டு மணிக்குப் பின்னரே மிகுதி. நாங்களோ எட்டு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தோம்! அன்று ஒருநாள் மட்டும் பதினொரு மணி வரை திறந்து வைத்து, பகலில் வரவு குறைந்த இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஊழியருக்கு ஓய்வு தந்தோம்.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. ஐப்பசி மழை வலுத்தால் முன்பதிவு செய்தவரும் வரமாட்டார். அதனால் கெடாத அரிசி, பருப்பை இருபதாம் நாளே வாங்கினோம். பால், வாழைப்பழத்துக்கு முன்தினம் தொலைபேசியில் வருகையை உறுதிசெய்த பின்னரே சொல்லி அனுப்பினோம். பாலை மட்டும் கணக்குக்குச் சற்று மேலாகவே வாங்கினோம். மிஞ்சினால் தயிராக்கலாம், குறைந்தால் விரதக்காரர் பட்டினி.

2025இல் நிரம்பியவை முப்பத்து நான்கு அறைகள். கணக்குக்கு இரண்டு குறைவு. பால் ஆறு லிட்டர் மிஞ்சியது. திருக்கல்யாணப் பந்தியில் அது தயிர்சாதமாயிற்று.