அக்கா வாசிக்கும் வாழ்த்து

ரிசப்ஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நோட்டோடு வந்தாள். தங்கைக்குக் கல்யாணம். மேடையில் அக்கா ஒரு வாழ்த்துக் கவிதை வாசிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வரி எழுதியிருந்தாள். தங்கையே, நங்கையே, மங்கையே என்று தொடங்கி, மல்லிகை, மரகதம், மாங்குயில் எல்லாம் வரிசையாக வந்தன. எதுகைக்கும் மோனைக்கும் குறைவில்லை. ஆனால் அதே காகிதத்தை அடுத்த மண்டபத்தில் வாசித்தாலும் அங்கிருக்கும் மணப்பெண்ணுக்கும் பொருந்திவிடும்.

திருமணத்தில் வாழ்த்துப் பாடுவது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரம் தொடங்குவதே மங்கல வாழ்த்துப் பாடலில்தான். கண்ணகி கோவலன் மணத்தில் பெண்கள் பூத்தூவி, பிரியாதிருங்கள் என்று வாழ்த்துகிறார்கள். (அந்த வாழ்த்து பலிக்கவில்லை என்பது வேறு கதை.) அச்சடித்த வாழ்த்து மடலை வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த வழக்கத்தைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த மடலை நண்பர்கள் சேர்ந்தோ, ஊர்ப் புலவர் ஒருவரோ எழுதுவார்கள். மணப்பெண்ணை அவர்களுக்குத் தூரத்திலிருந்துதான் தெரியும். அதனால் மல்லிகையும் மரகதமும் அங்கே பொருத்தமாக இருந்தன. இருபது வருஷம் ஒரே அறையில் படுத்த அக்காவுக்கு அவை எதற்கு?

நோட்டை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் அதிகமா எதுக்குச் சண்டை போட்டீங்க?" யோசிக்கவே இல்லை. "ஃபேனுக்கு அத்தை! நான் ஒண்ணுல வைப்பேன், அவ அஞ்சுல வைப்பா." கவிதை அந்த ரெகுலேட்டரில் கிடைத்துவிட்டது. அதை விட்டு நகர வேண்டாம் என்றேன்.

அன்று மாலைக்குள் பதினெட்டு வரி தேறியது.

ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே மின்விசிறி;
ஒன்றில் வைப்பேன் நான், ஐந்தில் வைப்பாய் நீ.
நள்ளிரவில் எழுந்து நான் குறைத்துவிட்டுப் படுத்தால்
நான் தூங்கக் காத்திருந்து நீ திரும்பக் கூட்டுவாய்.

பள்ளிக்குப் போகையில் என் பழைய சட்டை உனக்கு;
பட்டம் வாங்கி வந்ததும் உன் பட்டுச்சேலை எனக்கு.
கேட்டால் தரமாட்டாய், கேட்காமல் எடுத்தேன்;
கேட்காமல் எடுத்ததை நீ கேட்டதே இல்லை.

மாப்பிள்ளை, உங்களுக்கு மட்டும் ஒரு செய்தி:
கோபத்தில் இவள் பேசாள், பாத்திரங்கள் பேசும்.
சத்தம் அடங்கியதும் காப்பி ஒன்று நீட்டுங்கள்;
சர்க்கரை குறைந்தாலும் சமாதானம் நிச்சயம்.

என் அறை விசிறி இனி ஒன்றில்தான் ஓடும்;
என்னவோ, எனக்குத்தான் தூக்கம் வராது.

இனி உன் அறையில் இன்னொருவர் இருப்பார்;
ஐந்தென்று நீ சொல்ல, அவர் ஒன்று என்பார்.
மூன்றில் நிற்கட்டும் உங்கள் வீட்டு விசிறி;
முணுமுணுத்துக்கொண்டே நூறாண்டு சுற்றட்டும்!

இதில் வெட்டியதும் மாற்றியதும்தான் அதிகம். கடைசிப் பத்தி முதலில் "இன்றிரவு முதல் உன் அறையில்" என்று தொடங்கியது. எழுதியவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரிசப்ஷன் மேடைக்குக் கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு கூட்டமாக நிற்பார்கள். "இன்றிரவு" என்ற சொல் காதில் விழுந்ததும் விசில் பறக்கும், அதற்குப் பிறகு வரும் மூன்று வரி யாருக்கும் கேட்காது. "இனி" என்று மாற்றினோம். எழுதி முடித்ததும் இரட்டை அர்த்தம் ஒட்டியிருக்கிறதா என்று வயதில் மூத்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுவது நல்லது. வாய்விட்டு வாசித்தால்தான் அது பிடிபடும்.

இன்னொரு வெட்டு கொஞ்சம் வலித்தது. அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "வரிசையில் நான் நிற்க, முந்திக்கொண்டாய் நீ" என்று ஒரு வரி வைத்திருந்தாள். படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பாள், அவளுக்குச் சிரிப்பு வராது. பக்கத்தில் இருக்கும் சித்தியும் பெரியம்மாவும் உடனே அவள் பக்கம் திரும்பி, "அடுத்தது பெரியவளுக்குத்தானே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தன்னைத்தானே கேலி செய்துகொள்வது அக்காவின் உரிமைதான், ஆனாலும் அந்த மேடையில் அதற்கு விலை கொடுப்பது அம்மாவாக இருப்பாள். அந்த இடத்தில் சேலை திருடிய வரி வந்தது. அதிலும் அக்கா தன்னைத்தான் கேலி செய்கிறாள், ஆனால் யாருக்கும் முள் குத்தவில்லை.

மணப்பெண்ணைக் கேலி செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. பாத்திரம் பேசும் என்பது வரை சரி, எல்லா வீட்டிலும் அது நடப்பதுதான். சமைக்கத் தெரியாது, பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள் என்பதெல்லாம் வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் மாமியார் மேடையில் சிரித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொரு நாளில் அதை எடுத்துச் சொல்லலாம். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு வரிகூடக் கேலியாகக் கூடாது. அவர்களோடு பழகச் சில வருஷமாவது ஆக வேண்டும்.

வரிசை முறையும் முக்கியம். தூக்கம் வராது என்ற இரண்டு வரிதான் முதலில் கவிதையின் முடிவாக இருந்தது. எழுத்தில் அது அழகான முடிவு. மேடையிலோ அக்காவின் குரல் உடையும், மணப்பெண் அழுவாள், ரெண்டு மணி நேரம் போட்ட மேக்கப் கரையும். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மண்டபம் விழிக்கும். அதனால் அதை நடுவில் வைத்து, வாழ்த்தைக் கடைசிக்குக் கொண்டுபோனோம். அழுகை வந்தாலும் அடுத்து விசிறி வந்து காப்பாற்றிவிடும்.

யாப்பைப் பற்றி அவள் கவலைப்பட்டாள். இது மரபுக் கவிதை இல்லை, இலக்கணம் தெரிந்தவர் தளை பார்த்தால் தேறாது. காதுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளி, பட்டம் என்றும் சத்தம், சர்க்கரை என்றும் வரித் தொடக்கங்கள் மோனையில் ஒத்துப்போனால் கூட்டத்தின் காது தானாகவே அடுத்த வரிக்குக் காத்திருக்கும். வரிக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் போனால் மைக்கில் மூச்சு வாங்கும்.

நாற்பத்தெட்டு வரி ஏன் பதினெட்டானது என்பதற்குக் காரணம் மேடையின் கீழே நிற்கும் வரிசை. கையில் மொய்க் கவர், சிலர் இடுப்பில் குழந்தை, பந்தி வேறு போட்டாகிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர்களை நிறுத்தக் கூடாது. ஜோடி மேடைக்கு வந்து, வரிசை தொடங்கும் முன் வாசித்துவிடுவதே நல்லது. மெல்லிசைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். செல்போனைப் பார்த்து வாசித்தால் திரை அணையும், நடுவில் யாராவது மண்டபத்துக்கு வழி கேட்டு அழைப்பார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்த தடித்த அட்டைதான் கையில் நடுங்காமல் நிற்கும்.

அவள் வாசித்ததை நான் நேரில் கேட்டேன். சேலை வரியில் தங்கை, "தெரியும், தெரியும்" என்று மைக் இல்லாமலே கத்தினாள். மாப்பிள்ளை காப்பி வரியில் தலையாட்டினார். தூக்கம் வராது என்ற இடத்தில் அக்கா நின்றுவிட்டாள், மண்டபமும் அமைதியாகக் காத்திருந்தது. பிறகு விசிறியை மூன்றில் வைத்து முடித்தாள்.

வாசித்த அட்டையை மேடையிலேயே போட்டுவிட்டு இறங்காதீர்கள். பூங்கொத்தோடு சேர்ந்து மறுநாள் குப்பைக்குப் போய்விடும். தங்கையின் பெட்டியில் நீங்களே வைத்துவிடுங்கள்.