பின்னணி மாறினாலும் நிழல் மாறாமல்

பொருளின் படத்தில் பின்னணியை மாற்ற, பொருளை மட்டும் வெட்டியெடுத்து வேறொரு படத்தின்மேல் ஒட்டினால் போதும் என்று தோன்றும். அப்படி ஒட்டிய படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பொருளைச் சுற்றிப் பழைய பின்னணியின் நிறம் மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொருளும் எதன்மேலும் அமராமல் அந்தரத்தில் தொங்கும். முதல் குறை விளிம்பில் வருவது, இரண்டாவது நிழலைத் தொலைத்ததால் வருவது. விளிம்பு பொருளுக்குச் சொந்தம். நிழலோ அது விழுந்திருக்கும் தரைக்குச் சொந்தம். ஆகவே ஒரே படத்திலிருந்து இரண்டையும் இரு வேறு முறைகளில் எடுத்து, தனித்தனி லேயர்களாக வைக்க வேண்டும்.

பித்தளை டவரா டம்ளர் ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். வெளிர்சாம்பல் நிற மைக்கா ஒட்டிய மேசையில் அது இருக்கிறது. இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருவதால் நிழல் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் சிவப்புப் பிளாஸ்டிக் கூடை, செய்தித்தாள், பால் பாக்கெட். இவை அனைத்தும் போய், சந்தன நிறத்தில் வெறும் பின்னணி வர வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் இதைச் செய்யும் வழி கீழே வருகிறது. மற்ற மென்பொருள்களில் பெயர்கள் மாறலாம். வேலையின் அடிப்படை ஒன்றுதான்.

விளிம்பு

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டம்ளரின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. பித்தளையின் நிறத்துக்கும் கூடையின் சிவப்புக்கும் நடுவே ஓரிரு பிக்சல் அகலத்துக்கு இரண்டும் கலந்த நிறம் இருக்கும். ஒரு பிக்சலின் பாதி இடத்தில் டம்ளரும் மீதிப் பாதியில் கூடையும் விழுந்திருந்தால், அந்தப் பிக்சல் இரண்டின் சராசரி நிறத்தைப் பெறுகிறது. ஒரு பிக்சலில் பொருளின் பங்கு எவ்வளவு என்பதை ஓர் எண்ணாகக் குறித்துவைக்கும் முறையை, லூகாஸ்ஃபில்மில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒரு கட்டுரையில் கணக்காக வகுத்துத் தந்தார்கள். இன்றைய மென்பொருள்களில் லேயர் மாஸ்க் செய்வது இதே வேலை. மாஸ்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் பொருள் முழுதாகத் தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் மறையும். சாம்பலாக உள்ள இடத்தில் அதற்கேற்ற அளவு தெரியும். அழிப்பானால் அழித்த பிக்சல் திரும்பி வராது. மாஸ்கில் தவறாகக் கறுப்படித்த இடத்தை வெள்ளையடித்து மீட்டுவிடலாம்.

டம்ளர் போன்ற வழவழப்பான பொருளுக்கு மாஸ்க் வரைய ஏற்ற கருவி `Paths`. வளைவு தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் மட்டும் புள்ளி வைத்து இழுத்தால், நடுவிலுள்ள கோடு தானே வளைந்துகொள்ளும். புள்ளிகள் குறையக் குறைய வளைவு சீராக வரும்; நெருக்கமாக வைத்தால் கோடு நடுங்கும். வாய்விளிம்பு உடலோடு சேருவதுபோன்ற கூர்மையான திருப்பத்தில் இழுக்காமல் ஒரு சொடுக்கு போதும். கோடு, கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலிருந்து சுமார் ஒரு பிக்சல் உள்ளே செல்ல வேண்டும். அப்படிச் சென்றால் நிறம் கலந்த பிக்சல்களில் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டுவிடும். சுற்றி முடித்ததும் கோட்டைத் தேர்வாக மாற்றி, `Feather` மூலம் ஒரு பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, அந்தத் தேர்விலிருந்து மாஸ்கைச் சேர்க்கலாம்.

விளிம்பு முழுவதும் ஒரே கூர்மையில் இருக்காது. அருகிலிருந்து எடுத்த படத்தில் டவராவின் முன்விளிம்பு தெளிவாகவும் பின்விளிம்பு சற்று மங்கலாகவும் இருக்கும். அந்த மங்கலான பகுதியையும் ஒரே கூர்மையில் வெட்டினால், காகிதத்தில் கத்தரித்த பொம்மைபோல ஆகிவிடும். மாஸ்கைத் தேர்ந்துகொண்டு, பின்விளிம்பின் மீது மட்டும் மங்கலாக்கும் பிரஷை ஓட்டி, அங்குள்ள கூர்மையைப் படத்தின் கூர்மையோடு பொருத்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலப்பக்கம் கூடையின் சிவப்பு எங்காவது மிஞ்சியிருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் அது கண்ணில் படாமல் போகும். அதனால் மாஸ்கிட்ட லேயருக்குக் கீழே ஒருமுறை கறுப்பையும் ஒருமுறை அடர்பச்சையையும் நிரப்பிப் பார்ப்பது வழக்கம். சிவப்புத் தெரிந்தால் மாஸ்கை மேலும் உள்ளே தள்ளத் தேவையில்லை; தள்ளிக்கொண்டே போனால் டம்ளர் இளைத்துவிடும். அதற்குப் பதிலாக மாஸ்கை விட்டுப் படத்தையே தேர்ந்துகொண்டு, விளிம்புக்குச் சற்று உள்ளேயிருக்கும் பித்தளை நிறத்தை எடுத்து, விளிம்பைத் தாண்டி வெளியே வரை பூசலாம். வெளியே வழிந்த நிறத்தை மாஸ்க் மறைத்துவிடும். விளிம்பில் பித்தளை மட்டுமே மிஞ்சும்.

நிழல்

நிழலையும் இதேபோல வெட்டியெடுத்து ஒட்டினால், அதோடு மைக்காவின் சாம்பல் நிறமும் வந்துசேரும். சந்தன நிறத்தின்மேல் சாம்பல் திட்டு அழுக்குபோலத் தெரியும். நிழல் என்பது ஒரு நிறமன்று. தரைக்கு வர வேண்டிய வெளிச்சத்தில் எவ்வளவு வந்துசேர்ந்தது என்கிற விகிதம். எடுத்துச்செல்ல வேண்டியது அந்த விகிதத்தை மட்டுமே.

கணினிப் படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. நிழல்படாத மைக்காவின் அளவு 200, நிழலில் 120 என்று வைத்துக்கொள்வோம். 120ஐ 200ஆல் வகுத்தால் 0.6. புதிய தரையின் அளவு 230 ஆனால், அதை 0.6ஆல் பெருக்கிக் கிடைக்கும் 138தான் அங்கே விழ வேண்டிய நிழலின் அளவு. வகுத்தலையும் பெருக்கலையும் மென்பொருளே செய்துவிடும்.

முதலில் மூலப்படத்தின் இன்னொரு நகலை, மாஸ்கிட்ட டம்ளர் லேயருக்குக் கீழே வைத்து, நிறத்தை நீக்கிக் கறுப்புவெள்ளையாக்க வேண்டும். பிறகு `Levels` திறந்து வெள்ளைமுனையை 200க்கு இழுக்க வேண்டும். மைக்காவின் 200 அப்போது 255 ஆகிவிடும். நிழலின் 120 ஏறத்தாழ 153 ஆகும். அந்த லேயரின் முறையை `Multiply` என்று மாற்றினால், வெள்ளையாக உள்ள இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நிழல் மட்டும் கீழேயுள்ள சந்தன நிறத்தின்மேல் படியும். சந்தன நிறம் நிழலுக்குள்ளும் சந்தன நிறமாகவே, சற்று இருண்டு நிற்கும்.

கூடையும் செய்தித்தாளும் இந்த நகலிலும் இருப்பதால் அதற்கும் ஒரு மாஸ்க் வேண்டும். முழுக் கறுப்பு மாஸ்கில், நிழல் விழுந்த இடத்தை மட்டும் மென்மையான பெரிய பிரஷால் வெள்ளையடித்துத் திறக்க வேண்டும். டவராவின் இடப்பக்கத்தில் ஒரு கவனம் தேவை. வெட்டுக்கோடு ஒரு பிக்சல் உள்ளே சென்றதால், மூலப்படத்தின் பித்தளை ஓரம் நிழல் லேயரில் வெளியே எட்டிப்பார்க்கும். வெளிச்சம் படும் பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு கறுப்புக்கோடு தெரிந்தால் அதுதான் காரணம். அங்கே மாஸ்கை மூடிவிட வேண்டும்.

நிழலின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல இருக்காது. டவராவின் அடி மேசையைத் தொடும் இடத்தில் மிக மெல்லிய, மிகக் கருமையான ஒரு கோடு இருக்கும். பொருள் அமர்ந்திருக்கிறது என்று கண்ணை நம்பவைப்பது அந்தக் கோடுதான். அங்கிருந்து விலக விலக நிழல் வெளுக்கும், ஓரமும் கரையும். டம்ளரின் மேல்பகுதி மேசையிலிருந்து உயரத்தில் இருப்பதால் அதன் நிழலின் நுனி மிகவும் மங்கலாக விழுந்திருக்கும். மைக்காவின் கீறலையோ தூசியையோ போக்க நிழல் லேயரை மங்கலாக்கலாம். ஆனால் அடிக்கோட்டைத் தொடாமல் செய்ய வேண்டும். அடிக்கோடு கலைந்தால் நிழல் இருந்தும் டவரா மிதக்கும்.

ஜன்னல் ஒருபக்கம் இருப்பதால் மேசையிலேயே வெளிச்சம் சமமாக இருக்காது. இடப்பக்கம் 210, வலப்பக்கம் 170 என்று இறங்கினால் ஒரே வெள்ளைமுனை போதாது. இடப்பக்கம் சரியாக வெளுக்கும்போது வலப்பக்கம் சாம்பல் மூட்டமாக மிஞ்சும். அப்போது நிறம் நீக்கிய நகலுக்கு இன்னொரு பிரதி எடுத்து, அதில் நிழலை மட்டும் சுற்றியுள்ள மைக்காவைக் கொண்டு பூசி அழித்து, நிழலில்லாத மேசையைத் தயாரிக்கலாம். அதை நிழலுள்ள நகலின் மேலே வைத்து `Divide` முறைக்கு மாற்றினால், ஒவ்வொரு புள்ளியும் அந்தந்த இடத்து வெளிச்சத்தால் வகுபடும். இரண்டையும் ஒன்றாக்கினால் கிடைப்பது, வெள்ளைத் தரையில் விழுந்த தனி நிழல்.

பூப்போட்ட மேசைவிரிப்பில் எடுத்த படத்துக்கு இந்த வழி ஒத்துவராது; பூவின் கருமையையும் நிழலின் கருமையையும் பிரிக்க முடியாது. அங்கே நிழலைப் புதிதாக வரைய வேண்டும். அடியில் கூர்மையான மெல்லிய கோடு ஒரு லேயரிலும், விரிந்து மங்கும் நிழல் இன்னொரு லேயரிலுமாக வரைந்தால் இயல்பாக வரும். திசையைப் பொருளே சொல்லும்: டம்ளரில் பளபளப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ, நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும்.

உலோகத்தில் தங்கிய பின்னணி

விளிம்பும் நிழலும் சரியான பிறகும் கூடை முழுதாகப் போயிருக்காது. பித்தளை கண்ணாடிபோலச் சுற்றியுள்ளதை வாங்கிக் காட்டுவது. டம்ளரின் வலப்பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை பிரதிபலித்திருக்கும். அந்த இடத்தின் ஒளியை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். மேலே ஒரு வெற்று லேயரை `LCh Color` முறையில் வைத்து, பித்தளை நிறத்தை எடுத்து மென்மையாகப் பூசினால், பளபளப்பும் இருளும் அப்படியே இருக்க, சிவப்பு மட்டும் மஞ்சளாகும். செய்தித்தாளின் எழுத்துகள் பிரதிபலித்திருந்தால் நிறத்தை மாற்றிப் பயனில்லை. பக்கத்து உலோகத்தைக் கொண்டு அந்த இடத்தைப் பூசி மறைக்க வேண்டும்.

புதிய பின்னணி முழு வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால் கடைசியாக ஒரு சோதனை உண்டு. அமேசான் போன்ற விற்பனைத் தளங்கள் முதன்மைப் படத்தின் பின்னணி 255, 255, 255 அளவில் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்கின்றன. 250க்கும் 255க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. `Threshold` கருவியில் எல்லையை 255இல் வைத்தால், தூய வெள்ளையல்லாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும். நிழல் கரைந்து முடியும் இடத்தைத் தாண்டியும் கறுப்புப் புள்ளிகள் சிதறிக்கிடந்தால், நிழல் லேயரின் மாஸ்க் அங்கே இன்னும் முழுதாக மூடப்படவில்லை என்று பொருள். சோதனையை ரத்து செய்துவிட்டு அந்த இடங்களைக் கறுப்படித்து மூடலாம்.

கண்ணாடி டம்ளராக இருந்தால் இந்த முறை தோற்றுப்போகும். பின்னால் உள்ள கூடை கண்ணாடி வழியாகவே தெரிவதால், எது பொருள், எது பின்னணி என்று பிரிக்கக் கோடே கிடையாது. அத்தகைய பொருளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சார்ட் காகிதத்தை வளைத்து நிறுத்திவைத்து மறுபடியும் படமெடுப்பதே குறைந்த வேலை.