கேன் தண்ணீர்ச் சந்தையில் இன்னொரு ஆலைக்கு இடம் உண்டா?

ஒரு தொழிலில் கிடைக்கும் லாபத்தை ஐந்து தரப்புகள் தங்கள் பக்கம் இழுக்கின்றன என்று ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஏற்கெனவே களத்தில் இருக்கும் போட்டியாளர்கள், புதிதாக நுழையக்கூடியவர்கள், சரக்கை வாங்குபவர்கள், மூலப்பொருள் தருபவர்கள், அதே தேவையை வேறு வழியில் தீர்க்கும் மாற்றுப் பொருட்கள் ஆகியவையே அவை. நெரிசலான சந்தையில் கால் வைக்கலாமா என்று பார்க்க இந்த முறை உதவும். ஆனால் ஐந்துக்கும் தலா ஒரு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் விடை கிடைக்காது. ஒவ்வொரு தரப்பும் ஒரு கேனில் எத்தனை ரூபாயைப் பிடுங்குகிறது என்று கணக்கிட வேண்டும்.

சென்னையின் தென் புறநகரில், மேடவாக்கம் பக்கம், நாளைக்கு 500 கேன் நிரப்பும் சிறு ஆலை ஒன்றைத் தொடங்க ஒருவர் திட்டமிடுகிறார் என்று கொள்ளலாம். கேன் ஒன்றுக்கு 20 லிட்டர். இங்கே வரும் ரூபாய்க் கணக்குகள் முறையை விளக்குவதற்கான அனுமானங்கள். தொடங்குபவர் தம் பகுதி விலைகளை விசாரித்து அவற்றுக்குப் பதிலாக இட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் கேன் 40 ரூபாய்க்கு விற்கிறது. ஆலை வாசலில் விநியோகஸ்தர் தருவது 12 ரூபாய். மின்சாரம், மூடி, லேபிள், மெம்பிரேன் தேய்மானம் எல்லாம் சேர்ந்து கேனுக்கு 3.50 ரூபாய் போனால் மிச்சம் 8.50. மாதம் 26 நாள் ஓடினால் 1,10,500 ரூபாய். வாடகை, கூலி, பரிசோதனை, உரிமம், கடன் வட்டி என மாதச் செலவு 95,000. கையில் நிற்பது 15,500 ரூபாய்.

இந்த 15,500 எவ்வளவு மெல்லியது என்பதைப் போட்டியாளர்களே முதலில் காட்டிவிடுவார்கள். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு ஆலையின் கேனுக்கும் அடுத்த ஆலையின் கேனுக்கும் வாங்குபவர் வேறுபாடு காண்பதில்லை. கோடையில் எல்லோருக்கும் விற்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தேவை விழுகிறது. ஆனால் வாடகையும் வட்டியும் விழுவதில்லை. போட்ட இயந்திரத்தை விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது என்பதால் நட்டத்தில் ஓடும் ஆலையும் உடனே மூடுவதில்லை. கேனுக்கு 3.50க்கு மேல் எது கிடைத்தாலும் சரி என்று நிரப்பித் தள்ளுகிறது. விலை 2 ரூபாய் இறங்கினாலே நம் ஆலைக்கு மாதம் 26,000 ரூபாய் குறையும். லாபம் போய் 10,500 ரூபாய் நட்டம் வரும்.

புதியவர்களைத் தடுக்கும் வேலி உரிமங்கள்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இந்தத் தொழிலுக்குக் கட்டாயம் என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் நீக்கியது. அதே ஆண்டில் பொட்டலக் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. வேலியின் ஒரு பக்கம் தாழ்ந்து இன்னொரு பக்கம் உயர்ந்திருக்கிறது. உரிமம் இல்லாமல் நிரப்புபவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தால், ஒழுங்காகப் பரிசோதனைக்குச் செலவழிப்பவருக்கு இந்த வேலியே சுமையாகிவிடும்.

மாற்றுப் பொருள், வீட்டிலேயே வைக்கும் ஆர்.ஓ. இயந்திரம். மாதம் 12 கேன் வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 5,760 ரூபாய் கொடுக்கிறது. இந்தத் தொகை இயந்திரத்தின் பராமரிப்புச் செலவைத் தாண்டியதும் அந்தக் குடும்பம் கேனை விட்டுவிடும். முதலில் விலகுவது அதிகம் வாங்கும் வீடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடியினர், விடுதிகள், டிபன் கடைகள், சிறு அலுவலகங்கள் நீடித்து நிற்பார்கள்.

இந்தத் தொழிலில் பலரும் தவறாகக் கணிப்பது வாங்குபவர் யார் என்பதை. தண்ணீரைக் குடிக்கும் குடும்பம் ஆலையின் வாடிக்கையாளர் அல்ல. அந்தக் குடும்பம் போன் செய்வது கேன் போடுபவருக்கு. மூன்றாவது மாடிக்குத் தோளில் சுமந்து ஏறுபவர் அவர். எந்த வீட்டில் எத்தனை காலிக் கேன் இருக்கிறது என்று தெரிந்தவரும் அவரே. ஆகவே 40 ரூபாயில் 28 ரூபாய் அவர் பக்கம் நிற்கிறது. அந்த உழைப்புக்கு அது நியாயமான பங்காகவும் இருக்கலாம். ஆலைக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 200 கேன் எடுக்கும் ஒரு விநியோகஸ்தர் ஒரே காலையில் வேறு ஆலைக்கு மாற முடியும், வீடுகளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தொடங்குவதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த வட்டாரத்தில் கேன் போடும் நாலைந்து பேரிடம், கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை ஆலை மாற்றினீர்கள், எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டால் போதும். 1 ரூபாய் வித்தியாசத்துக்காக மாறினேன் என்று பெரும்பாலோர் சொன்னால், அங்கே ஆலை வாசல் விலையை நம்பித் தொழில் செய்ய முடியாது.

மூலப்பொருள் தருபவரும் இங்கே வழக்கமான ஆள் இல்லை. முதல் சப்ளையர் ஆலையின் காலடியில் உள்ள ஆழ்துளைக் கிணறு. சிறு ஆர்.ஓ. ஆலையில் உறிஞ்சும் நீரில் பாதி கழிவாகப் போகிறது என்று கொண்டால், 20 லிட்டர் கேனுக்கு 40 லிட்டர் வேண்டும். 500 கேனுக்கு நாளைக்கு 20,000 லிட்டர். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலவரம் குறுவட்டம் குறுவட்டமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட குறுவட்டத்தில் ஆலைக்குத் தடையில்லாச் சான்று கிடைப்பது அரிது. சான்று இல்லாமல் நீர் எடுத்த ஆலைகளை மூட 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஏராளமான ஆலைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. எனவே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குறுவட்டத்தின் வகையைப் பார்த்துவிட வேண்டும்.

சான்று இருந்தாலும், 2019 போன்ற வறட்சியில் கிணறு கைவிடும். அப்போது சப்ளையர் டேங்கர் லாரிக்காரர். 12,000 லிட்டர் 1,200 ரூபாய் என்றால் ஒரு கேனுக்கு 4 ரூபாய், மாதம் 52,000 ரூபாய் கூடுதல் செலவு. ஐந்து தரப்புகளில் தனியாக ஆலையை மூட வைக்கும் வலிமை இதற்கே அதிகம்.

ஆக, மேடவாக்கத்தில் இன்னொரு ஆலை போட்டு விநியோகஸ்தருக்கு மட்டும் விற்பதென்றால் விடை வேண்டாம் என்பதே. அதே ஆலை ஒரு வண்டி வாங்கி, ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் 200 கேனை நேரடியாக 30 ரூபாய்க்குப் போட்டால் கணக்கு மாறும். ஓட்டுநர், உதவியாள், டீசல், வண்டிக் கடன் எல்லாம் கேனுக்கு 12 ரூபாய் ஆனால், ஆலைக்கு 12க்குப் பதில் 18 ரூபாய் நிற்கும். மாதம் 31,200 ரூபாய் கூடும். மீதி 300 கேனுக்கு விலை 2 ரூபாய் இறங்கினாலும் ஏறத்தாழ 31,000 ரூபாய் லாபம் தங்கும். டேங்கரை நம்பும் கோடை மாதத்தில், விலை இறங்காமல் இருந்தால், நட்டம் 5,000 ரூபாய் அளவில் நின்றுவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. தினம் 200 கேன் நேரடியாகப் போட, அதைப் போல மூன்று மடங்கு கேன்களாவது சுற்றில் இருக்க வேண்டும், அதற்கு முதல் வேண்டும். விடுதிகள் பாக்கி வைக்கும். பெரிய விடுதி ஒன்றே 100 கேன் எடுத்தால், விலையைக் குறைக்கச் சொல்லும் பலம் விநியோகஸ்தரிடமிருந்து அந்த விடுதிக்கு இடம் மாறியிருக்கும். எந்த ஒரு வாடிக்கையாளரும் 30 கேனைத் தாண்டாதபடி 200 கேனுக்கான ஆர்டர் முன்கூட்டியே கிடைக்கிறதா, கிணற்றுக்குச் சான்று கிடைக்கிறதா என்ற இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வந்தால்தான் இயந்திரம் வாங்கப் போகலாம்.