ஜூன் 16-ல் சேர வேண்டும், ஜூன் 12-ல் ஆபரேஷன்

சென்னையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். புதிய கம்பெனியில் இருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. சேர வேண்டிய நாள் ஜூன் 16, திங்கட்கிழமை. பழைய வேலையில் ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில், பித்தப்பைக் கல்லை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார் டாக்டர். லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்கு ஜூன் 12 என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அவருக்கு முதலில் வரும் பயம், சொன்னால் வேலை போய்விடுமோ என்பது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களின் கடைசிப் பக்கத்தில், குறித்த நாளில் சேராவிட்டால் இந்த ஆஃபர் தானாகவே ரத்தாகும் என்று ஒரு வரி இருக்கும். இன்னும் சேராதவருக்கு அந்தக் கம்பெனியின் மருத்துவ விடுப்பும் கிடையாது. ஆகவே நாளைத் தள்ளிவைப்பது கம்பெனியின் சம்மதத்தைப் பொறுத்தது. அந்தச் சம்மதம் எழுத்தில் வராதவரை பழைய தேதிதான் செல்லும்.

கேட்பதற்கு முன்பு டாக்டரிடம் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: "எல்லாம் சரியாக நடந்தால் எப்போது ஆபீஸ் போகலாம், நடக்காவிட்டால் எப்போது?" லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தவர்கள் பலர் ஒன்று, இரண்டு வாரங்களில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆபரேஷனின் நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அது நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். இரண்டு வாரக் கணக்குப்படி ஜூன் 30-ல் சேரலாம்தான். ஆனால் ரிவ்யூவுக்கும் சிறு தாமதத்துக்கும் ஒரு வாரம் சேர்த்து ஜூலை 7 என்று கேட்பதே நல்லது. நிறுவனங்கள் ஒரு முறை மூன்று வாரம் தருவதற்கு அவ்வளவாகத் தயங்குவதில்லை. ஒரு வாரம் கேட்டு, பிறகு இன்னொரு வாரம் கேட்கும்போதுதான், "இவர் வேறெங்கோ பேரம் பேசுகிறாரோ" என்ற சந்தேகம் முளைக்கிறது.

அந்தச் சந்தேகத்தை முளையிலேயே கிள்ள, தேதி உறுதியான அன்றே ஹெச்.ஆரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கன்சல்டன்சி மூலம் வந்த வேலையானாலும் இதைத் தானே சொல்வதுதான் சரி. போனை வைத்ததும் அதையே மெயிலில் எழுதி, வேலைக்கு எடுத்த மேனேஜருக்கும் ஒரு காப்பி அனுப்ப வேண்டும். மெயிலில் நான்கு விஷயம் போதும்: வேலையில் சேர்வது உறுதி, ஏற்கெனவே திட்டமிட்ட ஓர் அறுவை சிகிச்சை ஜூன் 12-ல் நடக்கிறது, ஜூலை 7-ல் சேர அனுமதி வேண்டும், டாக்டரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. அந்தக் கடிதத்தில் சிகிச்சை நாளும் ஓய்வுக் காலமும் இருந்தால் போதும். நோயின் பெயர், ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் தானாக முன்வந்து அனுப்பத் தேவையில்லை. ஆனால் சேரும்போது மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் கேட்டால் மறைக்கக் கூடாது.

"பரவாயில்லைங்க, பார்த்துக்கலாம்" என்று போனில் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் சொன்னவரே அடுத்த வாரம் வேலையை விட்டுப் போகலாம். சிஸ்டத்தில் ஜூன் 16 அப்படியே நின்று, அன்று மாலை 'சேரவில்லை' என்று பதிவாகிவிடவும் கூடும். ஜூலை 7 என்று திருத்திய ஆஃபர் லெட்டரோ, குறைந்தது ஹெச்.ஆரிடமிருந்து தெளிவான பதில் மெயிலோ கைக்கு வர வேண்டும். ஆன்லைனில் சேர்க்கைப் பக்கம் இருந்தால் அங்கும் தேதி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இன்ஷூரன்ஸில். பழைய கம்பெனியின் குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதியது சேர்ந்த பிறகுதான் தொடங்கும். நடுவில் ஆபரேஷன் விழுந்தால் முழுச் செலவும் கைக்காசு. அவசரமாகத் தனி பாலிசி எடுத்தும் பயனில்லை. பித்தப்பைக் கல், ஹெர்னியா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு. நம் கணக்காளரின் கடைசி நாள் ஜூன் 6 என்றால், அதை ஜூன் 20-க்கு நீட்டித் தரும்படி பழைய மேனேஜரிடம் கேட்கலாம். நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் அத்தனை நாள் நோட்டீஸ் நீளும் என்ற விதி பல இடங்களில் உண்டு. வழக்கமாக எரிச்சலூட்டும் அந்த விதி இங்கே அவருக்குக் கைகொடுக்கும். ஆனால் ரிலீவிங் தேதி ஜூலை 7-க்கு முன்னால் இருந்தாக வேண்டும். பி.எஃப். கணக்கில் இரண்டு கம்பெனித் தேதிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாகத் தெரியும்.

புதிய கம்பெனி முடியாது என்றால்? அப்போது மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, கணைய அழற்சி என்று எதுவும் இல்லாமல் எப்போதாவது வலி மட்டும் இருந்தால், சில வாரம் காத்திருக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். அவர் சரி என்றால் ஜூன் 16-ல் சேர்ந்துவிட்டு, புதிய பாலிசியில் முன்பே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, புரொபேஷனில் எத்தனை நாள் லீவு என்று கேட்டுக்கொண்டு பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம். டாக்டர் கூடாது என்றால் ஆபரேஷன் ஜூன் 12-லேயே நடக்கட்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தபடி ஜூன் கடைசியில் சேரட்டுமா என்று கம்பெனியிடம் இன்னொரு வழியைக் கேட்டுப் பார்க்கலாம்.