ஒரு சொல்லுக்கு ஒரு சொல்: பதிப்பு முன்னுரை

இந்தத் தம்மபதப் பதிப்பில் இடப்பக்கம் பாலி மூலம், வலப்பக்கம் தமிழ். 423 பாடல்களிலும் ஒரு பாலிக் கலைச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை ஆண்டிருக்கிறோம். அதன் தேவையை 277 முதல் 279 வரையுள்ள பாடல்கள் காட்டும்.

முதல் இரண்டும் 'சங்காரா' அனைத்தும் நிலையற்றவை, துன்பமானவை என்கின்றன. மூன்றாவது பாடலில் எழுவாய் மாறுகிறது: 'தம்மா' அனைத்தும் ஆன்மா அற்றவை. காரணங்களால் உருவாகாத நிப்பானத்தையும் உள்ளடக்கவே இந்த மாற்றம் என்பது தேரவாதத்தில் பரவலான விளக்கம். மூன்று இடத்திலும் 'எல்லாப் பொருள்களும்' என்று எழுதினால் அந்த நுட்பம் மறைந்துபோகும்.

'சங்காரம்' என்று ஒலிபெயர்த்தாலும் தமிழர் காதில் அழிவு என்றே விழும். ஆகவே அதற்கு 'ஆக்கப்பட்டவை' என்றும், தம்மா என்பதற்கு 'இயல்புகள்' என்றும் வைத்தோம்.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. ஐந்தாம் பாடலில் 'தம்மோ' என்றென்றும் நிலைத்த நெறியைக் குறிக்கிறது. அங்கே 'இயல்பு' பொருந்தாததால் 'அறநெறி' என்றோம். இப்படிப் பொருள் பிரியும் இடங்களில் மட்டும் தமிழ்ச் சொல்லை அடுத்து பாலிச் சொல்லும் அடைப்பில் இருக்கும். அடைப்பைக் கண்டதும் இடப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.